எக்செல்ல குடித்தொகைக் கூம்பகம் கீறுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.எல் புவியியல் புரொஜெக்ட் செய்யிற பிள்ளைகளும் பிரதேச செயலகத்தில றிப்போர்ட் எழுதுற ஆக்களும் மாறி மாறிக் கேட்கிறதுகளை ஒரு இடத்தில சேர்த்திருக்கு. உதாரணத்துக்கு எடுத்திருக்கிறது ஒரு கற்பனை ஊர். மொத்தம் 2000 சனம், ஆண் 950, பெண் 1050. திருகோணமலையில ஒரு கிராம சேவகர் பிரிவு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ, ஆனா எந்தப் பிரிவின்ர உண்மைக் கணக்கும் இது இல்லை.

அண்ணா, ஆம்பிளைப் பக்கம் இடதுக்குப் போகுதே இல்லை, ரெண்டு பாரும் வலதுக்குத்தான் வருது. என்ன செய்யிற?

ஆண் எண்ணிக்கையை மைனஸ் ஆக்கோணும், அவ்வளவுதான் சூட்சுமம். எக்செல்ல கூம்பகம் எண்டு தனிச் சார்ட் ஒண்டும் இல்லை, சாதாரண பார் சார்ட்டைத்தான் நாங்கள் ஏமாத்தி எடுக்கிறம். முதல்ல கணக்கை A, B, C நிரல்கள்ல இப்பிடிப் போடுங்கோ, தலைப்பு முதலாவது வரியில:

```
வயது     ஆண்   பெண்
0-4       84    80
5-9       90    86
10-14     90    86
15-19     82    84
20-24     66    79
25-29     66    80
30-34     72    83
35-39     75    81
40-44     68    72
45-49     60    65
50-54     54    60
55-59     45    52
60-64     36    45
65-69     27    36
70-74     17    25
75+       18    36
```

B நிரலில கை வைக்காதேங்கோ, அது மூலக்கணக்கு, அப்பிடியே கிடக்கட்டும். D1இல ஆண், E1இல பெண் எண்டு எழுதிப்போட்டு D2இல `=-B2`, E2இல `=C2` போட்டு 17ஆவது வரி வரைக்கும் இழுத்து விடுங்கோ. பிறகு A1 தொடக்கம் A17 வரை செலெக்ட் பண்ணி, Ctrl-ஐ அமத்திக்கொண்டு D1 தொடக்கம் E17 வரைக்கும் செலெக்ட் பண்ணுங்கோ. Insert-இல பார் சார்ட் படத்தை அமத்தி 2-D Bar-க்குக் கீழ இருக்கிற Stacked Bar-ஐ எடுங்கோ. Column இல்லை, Bar, படுத்துக் கிடக்கிறது. இப்ப மைனஸ் எல்லாம் இடதுக்கும் பிளஸ் எல்லாம் வலதுக்கும் போய் நிக்கும்.

Clustered Bar எடுத்தாலும் வரும், ஆனா ஒரு வயதுக்குள்ள ஆண் பார் ஒரு மட்டத்திலயும் பெண் பார் இன்னொரு மட்டத்திலயும் ஏறி இறங்கி நிக்கும், பிறகு Series Overlap-ஐ 100% ஆக்கித்தான் நேராக்கலாம். Stacked எடுத்தா அந்த வேலை மிச்சம். எதை எடுத்தாலும் ஒரு பாரில றைட் கிளிக் பண்ணி Format Data Series-க்குப் போய் Gap Width-ஐ 5% மட்டில குறைச்சு விடுங்கோ. எக்செல் தானா விடுற இடைவெளி பெரிசு, அதோட பார்த்தா கூம்பகம் மாதிரியே இருக்காது.

இன்னொண்டு, பார் சார்ட்டில முதலாவது வரி அடியிலதான் வரும். அதால 0-4-ஐ டேபிளில மேல வைச்சிருந்தா கூம்பகத்தில அது தானா அடிக்குப் போயிடும், எங்களுக்கு வேண்டியதும் அதுதான். வேற சார்ட்டுக்குப் பழகின பழக்கத்தில Categories in reverse order-ஐ டிக் பண்ணிட்டுக் கூம்பகம் தலைகீழா நிக்குது எண்டு கேட்கிறவையும் இருக்கினம், அந்த டிக்கை எடுத்து விட்டாச் சரி.

வயது எழுத்தெல்லாம் நடுவில பாருக்கு மேல ஏறி நிக்குது, கீழ -80 -60 எண்டு வேற வருது. மைனஸ் ஆம்பிளை எண்டு சேர் நக்கலடிக்கிறார்.

ரெண்டும் ரெண்டு இடத்தில மாத்திறது. வயது எழுத்தில றைட் கிளிக் பண்ணி Format Axis, அதுக்குள்ள Labels-ஐ விரிச்சு Label Position-ஐ Low ஆக்குங்கோ. எழுத்து இடது ஓரத்துக்குப் போயிடும், நடுக்கோடு இருந்த இடத்திலயே இருக்கும்.

மைனஸ் குறிக்கு, கீழ இருக்கிற எண்களில றைட் கிளிக் பண்ணி Format Axis எடுத்து, Number-ஐ விரிச்சு, Format Code பெட்டிக்குள்ள இதை அடிச்சு Add-ஐ அமத்துங்கோ:

```
#,##0;#,##0
```

அரைப்புள்ளிக்கு முன்னால இருக்கிறது பிளஸ் எண்ணுக்கு, பின்னால இருக்கிறது மைனஸ் எண்ணுக்கு. பின்பக்கத்தில மைனஸ் குறி போடேல்லை, அதால அது காட்டாது. எண் உள்ளுக்க மைனஸாத்தான் இருக்கு, காட்டுற விதம் மட்டும்தான் மாறுது. பாருக்கு மேல டேட்டா லேபிள் போட்டிருந்தா அதுக்கும் இதையே தனியா ஒருக்காப் போடோணும், அச்சுக்குப் போட்டது லேபிளுக்குப் போகாது.

5-9 எண்டு அடிச்சா 05-Sep எண்டு மாறுது, எத்தனை தரம் அழிச்சாலும் திரும்பத் திரும்ப வருது!

எக்செல் அதைத் திகதி எண்டு எடுக்குது. கொம்பியூட்டரின்ர றீஜன் செற்றிங்கைப் பொறுத்து 05-Sep எண்டோ 09-May எண்டோ வரும், 10-14-க்கும் இந்த வில்லங்கம் வரலாம். மாறினதுக்குப் பிறகு Format Cells-இல Text ஆக்கினா 45000 மட்டில ஒரு பெரிய நம்பர் வரும், ஏனெண்டா உள்ளுக்க ஏற்கனவே திகதியாப் பதிஞ்சிட்டுது. அதால ஒழுங்கு முக்கியம்: முதல்ல A நிரலை முழுக்க Text ஆக்கிப்போட்டுப் பிறகு அடியுங்கோ, இல்லாட்டி அடிக்கேக்க முன்னுக்கு ஒரு மேற்கோள் குறி போட்டு `'5-9` எண்டு அடியுங்கோ, அந்தக் குறி செல்லில காட்டாது.

இதைக் கவனிக்காமச் சார்ட் போட்டா பிழை எழுத்தில மட்டும் நிக்கிறதில்லை. எல்லாம் திகதியா மாறியிருந்தா எக்செல் அதைக் கால அச்சு எண்டு நினைச்சுப் பார்களைத் திகதி ஒழுங்கில அங்கயும் இங்கயுமாப் பரப்பிவிடும். பார் எல்லாம் நூல் மாதிரி மெலிஞ்சு, இடையில பெரிய வெறுமை தெரிஞ்சா உடன A நிரலைப் பாருங்கோ.

யூடியூப்ல ஒருத்தர் மைனஸே போடாம செக்கண்டரி அக்ஸிஸ் வைச்சுச் செய்யிறார். அது இன்னும் நல்லமோ?

நான் சொல்லமாட்டன். அந்த முறையில ரெண்டு கணக்கும் பிளஸாவே இருக்கும், பெண் கணக்கை Secondary Axis-க்கு மாத்தி, ஒரு அச்சில Values in reverse order போட்டு, பிறகு ரெண்டு அச்சின்ர எல்லையையும் கையால அடிச்சுத்தான் முதுகோடு முதுகு நிக்க வைக்கிறது. பார்க்க வடிவா வரும், நடுவில வயது எழுத்துக்கு இடம் விடுற வித்தைகளும் செய்யலாம். பிரச்சினை என்னெண்டா அதில இருக்கிறது ரெண்டு அச்சு, ரெண்டுக்கும் ரெண்டு அளவுகோல்.

ஒரு ஊரில ஆண் பக்கத்தில கூடினது 90, பெண் பக்கத்தில கூடினது 130 எண்டு வையுங்கோ. எல்லையைக் கையால பூட்டாட்டி எக்செல் ஆண் அச்சை 100 மட்டிலயும் பெண் அச்சை 140 மட்டிலயும் நிப்பாட்டும். ரெண்டு பக்கத்துக்கும் தாளில ஒரே அகலம் எண்டபடியா 90 பேரின்ர பாரும் 130 பேரின்ர பாரும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில தெரியும். பார்க்கிறவருக்கு ஆணும் பெண்ணும் சமன் எண்டுதான் விளங்கும், நாப்பது பேர் காணாமப் போயிட்டினம். டேட்டாவை மாத்தி அடுத்த பிரிவுக்கு அதே சார்ட்டைப் பாவிக்கேக்க இதுதான் கூட நடக்கிறது, முதல் ஊருக்குப் பூட்டின எல்லை மற்ற ஊருக்குப் பொருந்தாது, யாரோ ஒரு பக்கத்தை மட்டும் மாத்திவிடுவினம்.

மைனஸ் முறையில அச்சு ஒண்டுதான். எக்செல் இடதில 100, வலதில 150 எண்டு நிப்பாட்டினாலும் 50 பேருக்குரிய நீளம் ரெண்டு பக்கமும் ஒண்டுதான், படம் ஒரு பக்கம் சரிஞ்ச மாதிரித் தெரியுமே தவிரப் பொய் சொல்லாது. சரிவையும் நேராக்கோணுமெண்டா Format Axis-இல Bounds-க்குள்ள Minimum -150, Maximum 150, Units-க்குள்ள Major 50 எண்டு அடிச்சு விடுங்கோ. ரெண்டு பிரிவைப் பக்கத்தில பக்கத்தில வைக்கிறதெண்டா ரெண்டு சார்ட்டிலயும் ஒரே எல்லை, ஒரே அகலம் இருக்கோணும், அதை எக்செல் தானாச் செய்யாது.

கிண்ணியாவையும் வெருகலையும் ஒப்பிடோணும், ஒண்டில சனம் கூட மற்றதில குறைவு. வீதமாப் போடலாமோ? எதால பிரிக்கிற?

வீதமாத்தான் போடோணும், எண்ணிக்கையாப் போட்டா சின்னப் பிரிவு ஒரு குச்சி மாதிரித்தான் தெரியும், வடிவத்தைப் பார்க்கேலாது. எதால பிரிக்கிறது எண்டதுதான் நல்ல கேள்வி. ஆண், பெண் ரெண்டையும் கூட்டின மொத்தத்தால பிரியுங்கோ, ஆண் கணக்கை ஆண் மொத்தத்தால, பெண் கணக்கைப் பெண் மொத்தத்தால எண்டு பிரிக்காதேங்கோ. D2-க்கும் E2-க்கும்:

```
=-B2/SUM($B$2:$C$17)
=C2/SUM($B$2:$C$17)
```

எங்கட ஊரில 25-29 வயதை எடுங்கோ, ஆண் 66, பெண் 80. 2000-ஆல பிரிச்சா 3.3%, 4.0%. பெண் பார் ஆண் பாரை விட ஐந்திலொண்டு மட்டில நீளம், உண்மையும் அதுதான். இதையே 66-ஐ 950-ஆலயும் 80-ஐ 1050-ஆலயும் பிரிச்சா 6.9%, 7.6% எண்டு வரும், வித்தியாசம் பத்திலொண்டாச் சுருங்கிட்டுது. ஏன் சுருங்கினது எண்டா ஊரில பொம்பிளையள் மொத்தமாவே 100 பேர் கூட இருக்கினம், அந்தத் தகவலை ரெண்டு பக்கத்தையும் 100% ஆக்கேக்க நாங்களே அழிச்சுப்போட்டம். ஆம்பிளையள் வெளியில போயிருக்கிற ஊருக்குக் கூம்பகம் கீறுறதே அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தானே.

சரியா வந்திருக்கோ எண்டு பார்க்க ஒரு வெத்துச் செல்லில D நிரலின்ர கூட்டுத்தொகையையும் E நிரலின்ரயையும் எடுங்கோ. -47.5%, 52.5% எண்டு வரோணும், ரெண்டும் சைன் இல்லாமச் சேர்ந்து 100. ரெண்டும் தனித்தனிய 100 காட்டினா பிழையான மொத்தத்தால பிரிச்சிருக்கிறியள். அச்சு ஃபோமற்றை `0.0%;0.0%` ஆக்குங்கோ, எல்லையை -0.05, 0.05 எண்டு அடியுங்கோ. 5 எண்டு அடிச்சா எக்செல் அதை 500% எண்டு எடுக்கும், பார் எல்லாம் நடுவில ஒரு கோடாச் சுருண்டுபோகும்.

எங்களிட்ட வயதுக்குழுக் கணக்கு இல்லை, வீட்டுவீடாப் போய் எடுத்த பெயரும் பிறந்த திகதியும்தான் இருக்கு. ஒவ்வொண்டா எண்ணுறதோ?

எண்ணத் தேவையில்லை. லிஸ்டை Data எண்ட ஷீட்டில வையுங்கோ, B-இல பிறந்த திகதி, C-இல வயது, D-இல M அல்லது F. K1 செல்லில தகவல் எடுத்த நாளை எழுதி C2-க்கு இதைப் போடுங்கோ:

```
=DATEDIF(B2,$K$1,"Y")
```

TODAY() பாவிக்காதேங்கோ, அடுத்த மாசம் ஃபைலைத் திறக்கேக்க கொஞ்சப் பேர் தங்கட பாட்டில அடுத்த வயதுக்குழுவுக்கு ஏறியிருப்பினம், றிப்போர்ட்டில எழுதினதும் சார்ட்டில இருக்கிறதும் ஒத்துவராது. பிறகு கணக்கு ஷீட்டில G2-இல இருந்து 0, 5, 10 எண்டு 75 வரைக்கும், கடைசியா G18-இல 200 எண்டும் எழுதிப்போட்டு B2-இல:

```
=COUNTIFS(Data!$C:$C,">="&$G2,Data!$C:$C,"<"&$G3,Data!$D:$D,"M")
```

பெண்ணுக்கு M-ஐ F ஆக்கினாச் சரி. மேல் எல்லையை 4-க்குச் சமன் அல்லது குறைவு எண்டு வைக்காம 5-ஐ விடக் குறைவு எண்டு வைச்சதுக்குக் காரணம் இருக்கு. யாராவது வயதை 4.5 எண்டு நேரா அடிச்சிருந்தா மற்ற முறையில அந்தப் பிள்ளை ரெண்டு குழுவிலயும் இல்லாமப் போயிடும்.

முடிஞ்ச உடன பாருங்கோ: B-யும் C-யும் கூட்டினா லிஸ்டில உள்ள ஆக்களின்ர எண்ணிக்கை வரோணும். குறைஞ்சா பெரும்பாலும் M-க்குப் பின்னால ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கும், அல்லது திகதியைப் புள்ளி போட்டு அடிச்சு அது வெறும் எழுத்தா நிண்டு வயது #VALUE! எண்டு இருக்கும். கூட்டுத்தொகை சரியா வந்தும் பிழையா இருக்கக்கூடிய ஒண்டு கைக்குழந்தையள். வயது நேராக் கேட்டு எழுதின தாளில 8 மாசம் எண்டிருக்கிறதை டைப் பண்ணுறவர் 8 எண்டு அடிச்சிட்டா அந்தப் பிள்ளை 5-9-க்குப் போயிடும். 0-4 பார் திடீரெண்டு கட்டையாவும் அதுக்கு மேல ரெண்டு பார் வழமையை விட நீளமாவும் தெரிஞ்சா, குழந்தை பிறக்கிறது குறைஞ்சிட்டுது எண்டு எழுத முதல் அந்தத் தாள்களை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.

உச்சியில தொப்பி வைச்ச மாதிரி 75+ பார் அகலமா நிக்குது. டேட்டா பிழையோ?

பிழை இல்லை. 70-74 எண்டது ஐஞ்சு வருசம், 75+ எண்டதுக்குள்ள 75-இல இருந்து நூறு தாண்டின ஆச்சி வரைக்கும் எல்லாரும் நிக்கினம். எங்கட ஊரில பெண் பக்கம் 25-க்கு மேல 36 வந்தது அதாலதான். உடைச்ச கணக்குக் கிடைச்சா 75-79, 80-84, 85+ எண்டு போடுங்கோ, தொப்பி கரைஞ்சு போகும். கிடைக்காட்டி அப்பிடியே விட்டு, சார்ட்டுக்குக் கீழ கடைசிக் குழு திறந்த குழு எண்டு ஒரு வரி எழுதினாக் காணும்.

திறந்த குழுவை விடப் பொல்லாதது அகலம் மாறுற குழுக்கள். சில டேபிள்ல கீழ ஐஞ்சு ஐஞ்சாப் போய் நடுவில பத்தா மாறும். 5-9-ஐயும் 10-14-ஐயும் ஒண்டாக்கினா ஆண் 180, அது 84-க்கு மேல போய்க் குந்தினா ஊரில பிள்ளைப் பெருக்கம் எண்டு தெரியும். பத்து வருசக் குழுவை ரெண்டால பிரிச்சு, 90 எண்டு, ஐஞ்சு வருசத்துக்குரிய சராசரியாப் போடலாம். அதை விட நல்லது எல்லாத்தையும் பத்துப் பத்தாக் கூட்டி ஒரே அகலமாக்கிறது. 0-14, 15-59, 60+ எண்டு மூண்டே குழுதான் கையில இருக்கெண்டா கூம்பகம் கீறாதேங்கோ, அதில வர்றது வெறும் மூண்டு கட்டை.

20-29இல ஆம்பிளைப் பக்கம் உள்வாங்கியிருக்கு. வெளிநாடு போனவை எண்டு எழுதலாமோ?

எழுத முதல் ரெண்டு விசயம் பாருங்கோ. முதலாவது எண்ணிக்கை. 66 மாதிரிச் சின்ன எண் தற்செயலாலயே எட்டுப் பேர் மட்டில கூடிக் குறையும், அதின்ர வர்க்கமூலம் கிட்டத்தட்ட எட்டு எண்டதை வைச்சுப் பருமட்டாச் சொல்லலாம். 72-க்கும் 75-க்கும் இடையில ஒரு கதையும் இல்லை. ஆனா 82-இல இருந்து 66-க்கு விழுந்து, அடுத்த குழுவும் 66-லயே நிண்டு, பெண் பக்கம் 79, 80 எண்டு விழாம நிக்கிறதைத் தற்செயல் எண்டு தள்ளேலாது. ஒரு பார் மட்டும் பல்லு விழுந்த மாதிரி இருந்தா விடுங்கோ, பக்கத்துப் பாரும் சேர்ந்து உள்வாங்கியிருந்தா எழுதலாம்.

ரெண்டாவது, ஆரைக் கணக்கெடுத்தது எண்டது. வழமையா அங்க இருக்கிற ஆக்களை மட்டுமோ, அண்டைக்கு அந்த இடத்தில நிண்ட எல்லாரையுமோ? கட்டார், சவூதி போனவரைக் குடும்ப அட்டையில பார்த்து எழுதினா அவர் ஊரில இருக்கிறார் எண்டு வரும், உள்வாங்கல் தெரியாது. இதுக்கு மறுபக்கமும் எங்கட மாவட்டத்தில நடக்கலாம். சீனக்குடா, டொக்யார்ட் பக்கம் மாதிரிப் படை முகாம் இருக்கிற பிரிவில முகாமுக்குள்ள இருக்கிறவையையும் கணக்கில சேர்த்தா 20-34 ஆண் பக்கம் மட்டும் வெளிய தள்ளிக்கொண்டு நிக்கும், அது ஊர்ச் சனத்தின்ர வடிவம் இல்லை. மற்றது, கூம்பகம் எங்க ஆள் குறைவு எண்டுதான் காட்டும், ஏன் எண்டு காட்டாது. கொழும்புக்கு வேலைக்குப் போனதோ, வெளிநாடோ எண்டதை வேற தகவல் வைச்சுத்தான் எழுதோணும்.

1981உம் 2012உம் பக்கத்தில வைச்சு, அண்டைக்கு இருந்த பிள்ளைகள் இண்டைக்கு எங்க எண்டு காட்டலாமோ?

காட்டலாம், அதுதான் கூம்பகத்தில எனக்குப் பிடிச்ச வேலை. எங்கட மாவட்டத்துக்கு இடையில எடுக்கிறதுக்கும் வேற இல்லை, 1991இல குடிசன மதிப்பீடு நடக்கேல்லை, 2001இல திருகோணமலையில முழுசா எடுக்கேல்லை. ஆனா இடைவெளி 31 வருசம், ஐஞ்சால பிரியாது. 1981இல 0-4இல இருந்த பிள்ளைகள் 2012இல 31-35. அதால 0-4-ஐ 30-34-ஓட நேரா ஒப்பிட்டா ஒரு வருசத்துப் பிள்ளைகள் மேல கழண்டு, பிறக்காத ஒரு வருசத்துப் பிள்ளைகள் உள்ளுக்க வந்திருப்பினம். தனித்தனி வயதுக் கணக்குக் கிடைச்சா 31-35, 36-40 எண்டு நீங்களே குழு கட்டுங்கோ. கிடைக்காட்டி ஒரு வருசம் பிசகும் எண்டு கீழ எழுதிப்போட்டு ஒப்பிடுங்கோ, பெரிய உள்வாங்கல் அதிலயும் தெரியும். 2024 கணக்கெடுப்போட 2012-ஐ வைக்கேக்கையும் இதே கவனம் வேணும், அந்த இடைவெளியும் ஐஞ்சால பிரியாது.

ஃபோட்டோகொப்பிக் கடையில கறுப்பு வெள்ளையில அடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே சாம்பலா வருது.

நீலமும் சிவப்பும் கறுப்பு வெள்ளையில கிட்டத்தட்ட ஒரே கடுமையா விழும். ஒரு பக்கத்தைக் கடும் சாம்பல், மற்றதை வெளிர் சாம்பல் ஆக்கி, Border-இல மெல்லிசாக் கறுப்புக் கோடு போடுங்கோ, Gap Width குறைவா இருக்கிறதால கோடு இல்லாட்டிப் பாரெல்லாம் ஒட்டி ஒரே பிண்டமாத் தெரியும். Legend-ஐ அழிச்சுப்போட்டு ஆண், பெண் எண்டு அந்தந்தப் பக்கத்துக்கு மேலயே Text Box-இல எழுதுங்கோ. அதைச் சார்ட்டைக் கிளிக் பண்ணி வைச்சுக்கொண்டு போடோணும், இல்லாட்டி Word-க்குக் கொப்பி பண்ணேக்க எழுத்து எக்செல்லிலயே நிண்டிடும்.